ரெண்டு லைட்டும் எரிந்தால்

வாள்வீச்சுப் போட்டி. நாலுக்கு நாலு. கடைசி பாயின்ட். ரெண்டு பேரும் பாய்ந்தார்கள், ஸ்கோர் பெட்டியில் சிவப்பும் பச்சையும் ஒரே நேரத்தில் எரிந்தது, கயல் ஹெல்மெட்டுக்குள்ளேயே "யெஸ்!" என்று கத்திவிட்டாள். ரெஃபரி மேடம் கையை மறுபக்கம் நீட்டினார். "ப்ரெபரேஷன் லெஃப்ட். அட்டாக் ரைட். டச்." ஆட்டம் முடிந்தது.

கொசு விரட்டுகிற மாதிரி ஒரு சல்யூட் வைத்துவிட்டு கயல் மாஸ்டரிடம் வந்தாள்.

"ரெண்டு லைட் எரிஞ்சா அவளுக்கே குடுக்கறாங்க மாஸ்டர். நாலு தடவை எரிஞ்சுது, மூணு அவளுக்கு."

"சரி. அந்த மூணுக்கும் என்ன காரணம் சொன்னாங்க?"

கயலுக்கு ஞாபகம் இல்லை. கை எந்தப் பக்கம் போனது என்று தெரியும், அதற்கு முன்னால் வாயில் வந்தது எதுவும் காதில் விழவில்லை. சேபர் என்கிற வாள்வீச்சு வகையைப் பழகுகிற பிள்ளைகள் பாதிப்பேர் இப்படித்தான். பெட்டியைப் பார்ப்பார்கள், ஸ்கோரைப் பார்ப்பார்கள், நடுவில் ரெஃபரி சொல்வதைக் கோயில் மந்திரம் மாதிரி கடந்துபோவார்கள்.

"ரெண்டாவது பாயின்ட் முடிஞ்சதும் அந்தப் பொண்ணு அவங்ககிட்ட ஏதோ கேட்டாளே, கவனிச்சியா?"

"சண்டை போட்டாளா?"

"மரியாதையா கேட்டா. ஏன் எனக்குக் குடுக்கலன்னு. கை லேட்னு ஒரு வார்த்தை சொன்னாங்க. அதுக்கப்புறம் அவ கை லேட்டாகவே இல்ல."

மாஸ்டர் அவளைப் பக்கத்துக் களத்துக்குக் கூட்டிப்போய், ஸ்கோர் பெட்டி தெரியாதபடி ஒரு தூணை ஒட்டி உட்கார வைத்தார். ரெஃபரி வாயைத் திறக்கும் முன்னால் யாருக்குப் பாயின்ட், ஏன் என்று அவள் சொல்ல வேண்டும். முதல் நாலும் தப்பு. லைட் இல்லாமல் ஒன்றுமே புரியவில்லை, ரெண்டு வெள்ளைச் சட்டைகள் மோதிக்கொண்டதுதான் தெரிந்தது.

அஞ்சாவதில் ஒரு பையன் அழகாக முன்னேறி வந்தான். கால் அவ்வளவு சுத்தம். ஆனால் வாள் பிடித்த கை மடங்கியே இருந்தது, பாயப் போகிற நேரத்தில் இன்னும் கொஞ்சம் பின்னால் இழுத்தான், அந்தக் கண் இமைக்கிற நேரத்தில் எதிராளி கையை நீட்டிக்கொண்டு உள்ளே வந்துவிட்டான்.

"ப்ரெபரேஷன்," என்று கயல் சொல்லி முடிப்பதற்குள் ரெஃபரியும் அதையே சொன்னார்.

"ஏன்?"

"கால் கிளம்பிடுச்சு, கை கிளம்பல. இன்னும் தயாராயிட்டுதான் இருந்தான். அட்டாக் இல்ல."

சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். மடங்கிய அந்தக் கை யாருடைய கை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

சேபரில் ரெண்டு லைட் எரிந்தால் அது ரெண்டு பேரும் அடித்தார்கள் என்பதற்கு மேல் எதையும் சொல்லாது. முதலில் யாருடைய முறை, அது எங்கே கைமாறியது என்பதைத்தான் ரெஃபரி சொல்கிறார். 'அட்டாக் நோ' என்றால் நீ போனது எட்டவில்லை, முறை அவனுக்குப் போய்விட்டது. 'பாரி ரிபோஸ்ட்' என்றால் அவன் தட்டிவிட்டான், திருப்பி அடிக்கும் உரிமை அவனுடையது. 'சைமல்டேனியஸ்' என்றால் ரெண்டு பேரும் ஒன்றாகவே கிளம்பினார்கள், யாருக்கும் இல்லை. லஞ்ச் என்கிற பாய்ச்சலில் கால் கிளம்பும் முன் கை நீள ஆரம்பித்திருக்க வேண்டும், விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது, கயல் அதைப் பரீட்சைக்குப் படிப்பதுபோல் மனப்பாடமும் செய்து வைத்திருந்தாள்.

"டோக்கியோ ஒலிம்பிக்ஸ் வீடியோ பார்க்கச் சொன்னேனே, பார்த்தியா?" என்றார் மாஸ்டர்.

பவானி தேவி முதல் ஆட்டத்தை 15-3 என்று ஜெயித்ததை அவள் பல தடவை பார்த்திருக்கிறாள். ரெண்டாவதாக பிரான்ஸின் மனோன் ப்ரூனேவிடம் 7-15 என்று தோற்றது வந்தால் தள்ளிவிடுவாள்.

"தள்ளினதைப் பாரு. ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் ரெஃபரி கையைக் காட்டுறதுக்கு முன்னாடி நிறுத்திட்டு நீ சொல்லு."

மதியம் நாக்-அவுட், 15 பாயின்ட். முதல் பாயின்ட்டிலேயே மறுபடி ரெண்டு லைட், மறுபடி 'ப்ரெபரேஷன் லெஃப்ட்'. கயல் இந்த முறை பெட்டியைப் பார்க்கவில்லை.

"மேடம், கை லேட்டா?"

"லேட் இல்ல. போற வழியில ஒரு தடவை நிறுத்துன."

சரி. கோட்டுக்குத் திரும்பினாள். அடுத்த தடவை நிறுத்தவில்லை, அவ்வளவுதான் செய்தாள். ஒன்றுக்கு ஒன்று.

கடைசியில் 12-15, தோல்விதான். எதிராளி உயரம் அதிகம், கால் வேகம் அதிகம், அதை ஒரே மதியத்தில் சரிக்கட்ட முடியாது. மாஸ்டர்தான் கடுப்பில் இருந்தார்.

"பதிமூணாவது பாயின்ட் உன்னோடது. அநியாயமா அவளுக்குக் குடுத்துட்டாங்க."

"இல்ல மாஸ்டர், என்னோட அட்டாக் எட்டல, அரையடி முன்னாடியே விழுந்துடுச்சு. அவங்க சொன்னது கரெக்ட்தான்," என்றாள் கயல், கையுறையைக் கழற்றிக்கொண்டே. "நீங்க லைட்டைப் பார்த்துட்டீங்க."