மாடி மழை: நான்கு மடல்கள்

ஆகஸ்ட் 3, திங்கள்
பொருள்: மாடி மழை 1/4: நம் மாடியில் எத்தனை லாரி விழுகிறது?

அனைவருக்கும் வணக்கம்.

போன பொதுக்குழுவில் மழைநீர் பற்றி 22 ஸ்லைடு போட்டேன். ஒன்பதாவது ஸ்லைடுக்குள் பாதிப் பேர் போனை எடுத்துவிட்டீர்கள். தப்பு என்னுடையதுதான். அதனால் அதையே நான்கு மடல்களாகப் பிரித்து அனுப்புகிறேன். 16-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. அது என்ன என்பது நான்காம் மடலில்.

இன்று ஒரு கணக்கு மட்டும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். நம் மாடி 5,000 சதுர அடி, சுமார் 465 சதுர மீட்டர். சென்னைக்கு ஆண்டுச் சராசரி மழை ஏறக்குறைய 1,400 மி.மீ. பெருக்கினால் ஆறரை லட்சம் லிட்டர். சிதறுவது, காய்வது என்று ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் 5.2 லட்சம். நமக்கு வருகிற 12,000 லிட்டர் டேங்கரில் 43 லாரி! போன வருஷம் நாம் காசு கொடுத்து வாங்கியது 38.

இந்தத் தண்ணீர் இப்போது எங்கே போகிறது? அடுத்த மழையில் வாசல் கேட் பக்கம் நின்று பாருங்கள்.

செயலாளர், பி-6

ஆகஸ்ட் 6, வியாழன்
பொருள்: மாடி மழை 2/4: மே மாதத்தில் கிணறு ஏன் கரிக்கிறது?

வணக்கம்.

முதல் மடலுக்கு டி-2 மாமாவிடமிருந்து ஒரு கேள்வி: “பெரிய தொட்டியாகக் கட்டிப் பிடித்துவிடலாமே?” கட்டலாம், இடம் இருந்தால். நம் சம்ப் 40,000 லிட்டர்தான். மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. அவ்வளவையும் வைக்க நமக்கு இருக்கும் ஒரே பாத்திரம், காலுக்குக் கீழே உள்ள மணல்.

திருவான்மியூர் கடலோர மணலில் தண்ணீர் சட்டென்று இறங்கும். அடியில் கடல்நீர் இருக்கிறது. அது கொஞ்சம் கனமானது. நன்னீர் அதன் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு அடி நின்றால், கீழே சுமார் 40 அடி வரை உப்பை அமுக்கி வைத்திருக்கும் என்பது கணக்கு. ஏட்டுக் கணக்குதான், நம் மனையில் அச்சு அசலாக அப்படியே இருக்காது. ஆனால் போக்கு அதுதான். மேலே ஒரு அடி இறைத்தால், கீழே உப்பு பல அடி ஏறிவிடும். மே மாதம் சோப்பு நுரைக்காமல் போவது இதனால்தான். போரை இன்னும் ஆழமாகப் போடலாம் என்கிறவர்கள் இதை ஒருமுறை யோசிக்கவும். ஆழம் போகப் போக உப்புக்குத்தான் கிட்டே போகிறோம்.

ஆக, முதல் மடலில் சொன்ன 43 லாரியும் மண்ணுக்குள் போனால், அது தண்ணீர் மட்டுமல்ல, உப்பை அமுக்கும் எடையும்கூட.

செயலாளர், பி-6

ஆகஸ்ட் 10, திங்கள்
பொருள்: மாடி மழை 3/4: நம்மிடம்தான் மழைநீர்த் தொட்டி இருக்கிறதே?

வணக்கம்.

இருக்கிறது. 2003-இல் தமிழ்நாடு அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது தோண்டியது. சனிக்கிழமை பிளம்பரும் நானும் அதன் சிமெண்டு மூடியைத் தூக்கினோம். மேலே ஒரு சாண் ஜல்லி, அதற்குக் கீழே கறுப்புச் சேறு, இரண்டு பால் பாக்கெட், ஒரு இறகுப்பந்து. இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். கால் மணி நேரம் கழித்தும் அப்படியே நின்றது. மணல் குடிக்க வேண்டிய தண்ணீர் அது.

இன்னொன்று: மாடியிலிருந்து இறங்கும் ஆறு குழாய்களில் இரண்டுதான் அதில் சேர்கின்றன. மற்ற நான்கும் நேரே தெருவுக்கு.

செயலாளர், பி-6

ஆகஸ்ட் 13, வியாழன்
பொருள்: மாடி மழை 4/4: ஞாயிறு எடுக்க வேண்டிய முடிவு

வணக்கம்.

வேலை இதுதான்: பழைய குழியைத் தூர்வாரி ஜல்லி மாற்றுவது, தெருவுக்குப் போகும் நான்கு குழாய்களைத் திருப்பி, வடிகட்டித் தொட்டி வழியாக, பின்பக்கம் 3 அடி அகலம், 15 அடி ஆழத்தில் புது உறைகிணறு ஒன்றில் விடுவது. முதல் மழையின் அழுக்கு வெளியே போக ஒரு வால்வு. துணி துவைத்த தண்ணீர் எதுவும் இதில் சேராது.

கிடைத்த விலை ரூ.90,000. 24 வீட்டுக்குப் பிரித்தால் தலா ரூ.3,750. போன வருஷ லாரிச் செலவு ரூ.91,200. இதைச் செய்தால் லாரியே வராது என்று நான் சொல்லவில்லை. மண்ணில் விட்ட தண்ணீரில் ஒரு பங்கு பக்கத்து மனைக்கும் போகும். கிணறு கரிப்பது குறைந்து, லாரி வாங்கும் மாதங்களும் குறையும் என்று எதிர்பார்க்கிறேன்.

ஞாயிறு காலை 10 மணி, கார் நிறுத்துமிடம். வர முடியாதவர்கள் இந்த மடலுக்கே “சரி” அல்லது “வேண்டாம்” என்று சனிக்கிழமை இரவுக்குள் பதில் போடுங்கள். ஸ்லைடு கிடையாது. குழியின் மூடி மட்டும் திறந்திருக்கும், குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளவும்.

செயலாளர், பி-6