வினா 4: ஐந்து ஆலைகள், நான்கு உற்பத்தி முறைகள் (5 × 2 = 10)

கீழுள்ள ஒவ்வொரு ஆலையும் ஜாப், பேட்ச், மாஸ், தொடர் உற்பத்தி ஆகியவற்றுள் எதைச் சேர்ந்தது? காரணத்துடன் எழுதுக. ஒரே உற்பத்தி முறை இரண்டு ஆலைகளுக்கு வரலாம்.

அ) சுவாமிமலைப் பட்டறை. கேட்ட அளவில் மெழுகில் உருவம் செய்து, களிமண் பூசி, மெழுகை உருக்கி வடித்து, உலோகம் ஊற்றுவர். அச்சை உடைத்தே சிலையை எடுப்பர்.

ஆ) திருப்பூர்ச் சாயப்பட்டறை. ஒவ்வொன்றும் 250 கிலோ கொள்ளும் மூன்று இயந்திரங்கள். 900 கிலோ கருநீலத் துணிக்கு ஆர்டர். நிறம் மாற்ற இயந்திரத்தைக் கழுவ 40 நிமிடம்.

இ) இருசக்கர வாகன அசெம்பிளி லைன். ஷிப்டில் 450 நிமிட வேலை, 300 வண்டிகள்.

ஈ) சிமென்ட் ஆலை. சூளைக்குள் பொருள் சுமார் 1,450 டிகிரி செல்சியஸ் வரை சூடாகும். இரவு பகல் நிற்பதில்லை.

உ) மாத்திரை ஆலை. மிக்சரில் ஒரு தடவைக்கு 300 கிலோ தூள், மாத்திரை ஒன்று 600 மில்லிகிராம். நாளுக்கு 20 லட்சம் மாத்திரை.

விடை

அ) ஜாப். அச்சு உடைந்துபோவதால் அடுத்த சிலைக்கு மறுபடி மெழுகிலிருந்தே தொடங்க வேண்டும். 'கைவேலை' என்று மட்டும் எழுதினால் 1 மதிப்பெண்தான். கைவேலையிலும் பேட்ச் உண்டு.

ஆ) பேட்ச். 900 கிலோவுக்கு நான்கு லாட்: மூன்று முழுதாக, கடைசி 150 கிலோ. கடைசி லாட்டில் துணிக்கும் தண்ணீருக்கும் உள்ள விகிதம் மாறினால் நிறம் சற்றே வேறுபடும். லாட்டுகளைக் கலந்து வெட்டினால் ஒரே சட்டையில் உடலும் கையும் வேறு நிறமாகும்.

இ) மாஸ். 450 ÷ 300 = 1.5 நிமிடம், அதாவது 90 விநாடிக்கு ஒரு வண்டி. ஒரு நிலையத்தில் வேலை 110 விநாடி இழுத்தால் லைன் முழுவதும் அந்த வேகத்துக்கு இறங்கி, 245 வண்டிதான் முடியும்.

ஈ) தொடர். மூட்டையை எண்ணலாமே என்று மாஸ் எழுதுவோர் உண்டு. எண்ணிக்கை வருவது பேக்கிங்கில் மட்டும். சூளையில் ஓடுவது பிரிவில்லாத ஓட்டம். நிறுத்திக் குளிரவிட்டால் உட்புறச் செங்கல் விரிசல் விடும். சூடாக இருக்கையில் சுழற்சி நின்றாலோ சூளை உருளையே வளையும். அதனால்தான் மின்சாரம் போனாலும் மெல்லச் சுழற்றத் துணை மோட்டார் வைத்திருப்பர்.

உ) பேட்ச். அதிகம் பேர் தவறும் இடம் இதுதான்: 20 லட்சத்தைப் பார்த்ததும் மாஸ் என்று முடித்துவிடுவார்கள். 300 கிலோ என்பது 5 லட்சம் மாத்திரை, ஆக நாளுக்கு நான்கு பேட்ச். ஒவ்வொன்றுக்கும் தனி எண், தனிச் சோதனை. தூள் சரியாகக் கலக்காவிட்டால் அந்த 5 லட்சமும் போகும். மற்ற மூன்றும் பிழைக்கும். '5 லட்சம்' என்ற கணக்கு இல்லாத விடைக்கு முழு மதிப்பெண் இல்லை.