பொருள்: பையர் ஆள் இல்லைங்க, குவாலிட்டியில் புதிதாகச் சேர்ந்த ஆள்

அனைவருக்கும் வணக்கம்,

திங்கட்கிழமை காலையில் இரண்டாவது மாடி தையல் லைனுக்குள் நான் நுழைந்ததும் வரிசையாக எல்லோரும் மாஸ்க்கை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டதையும், ஒரு அக்கா அவசர அவசரமாக ஓவர்லாக் மெஷினில் ஊசித் தடுப்பைத் திருப்பி மாட்டியதையும் பார்த்தேன். கையில் பேடு, கழுத்தில் டேப், புது முகம். பையர் அனுப்பிய ஆள் என்று நினைத்துவிட்டார்கள். இல்லைங்க, நான் உங்கள் ஆள்தான். ஆனால் போட்ட மாஸ்க்கைக் கழற்ற வேண்டாம், அந்தப் பஞ்சு நெஞ்சுக்குள் போனால் பையர் வந்து எடுத்துவிடப் போவதில்லை.

என் பெயர் தமிழ்ச்செல்வி. குவாலிட்டி பிரிவில் சேர்ந்திருக்கிறேன். துணி வந்து இறங்குவது முதல் பேக்கிங்குக்கு முன் நடக்கும் ஃபைனல் வரை பார்ப்பது என் வேலை. "எல்லோருக்கும் ஒரு மெயில் போட்டுடுங்க, நாலு வரி போதும்" என்று எச்.ஆரில் சொன்னார்கள். நாலு வரியில் எழுத எனக்கு வராது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். மெயில் பார்க்காத டெய்லர்கள், ஹெல்பர்கள், செக்கிங் அக்காக்களுக்கு லைன் சூப்பர்வைசர்கள் வாயால் சொல்லிவிட்டால் போதும்.

சொந்த ஊர் பவானி. அப்பா ஜமக்காளத் தறி போட்டவர். அகலமான ஜமக்காளம் என்றால் தறியில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நாடாவைக் கைமாற்றிக் கைமாற்றி நெய்வார்கள், ஒருவர் அடிப்பது லேசாக இருந்தாலும் அந்தப் பக்கம் துணி தளர்ந்துவிடும், அப்பா விரலை வைத்துத் தடவிப் பார்த்தே எந்தப் பக்கம் யார் உட்கார்ந்தார் என்று சொல்லிவிடுவார். எனக்கு அந்த விரல் வாய்க்கவில்லை. அதனால்தான் தராசு, வெளிச்சப் பெட்டி, அளவு டேப் என்று எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு அலைகிறேன்.

இதற்கு முன் கரூரில் ஆறு வருடம், வீட்டு உபயோகத் துணி செய்யும் ஒரு கம்பெனியில். டவல், குஷன் கவர், மேசை விரிப்பு. அங்கே என் கையால் நடந்த ஒரு கூத்தைச் சொல்லியே ஆக வேண்டும், பின்னால் யார் மூலமாவது தெரிவதற்குப் பதில் நானே சொல்லிவிடுகிறேன். சாம்பல் நிறக் கிச்சன் டவல், இரண்டு டையிங் லாட். சாயங்காலம் ஆறரை மணி, டியூப் லைட்டு வெளிச்சத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், ஒரே நிறம், கையெழுத்துப் போட்டுவிட்டேன். மறுநாள் காலை லோடு ஏற்றும்போது ஒரு அட்டைப் பெட்டி பிரிந்து கீழே விழுந்தது. வெயிலில் பார்த்தால் ஒன்று சாம்பல், ஒன்று லேசாகப் பச்சை ஓடுகிறது. ஒரே செட்டுக்குள் இரண்டும் கலந்து போயிருந்தன. சாயக் கலவை மாறினால் ஒரு வெளிச்சத்தில் ஒத்துப்போகும் நிறம் இன்னொன்றில் பல்லைக் காட்டும், இது படித்த பாடம்தான், ஆனால் அன்றைக்கு வீட்டுக்குப் போகிற அவசரம். 4,200 செட்டைப் பிரித்து மறுபடி அடுக்கினோம், இரண்டு ராத்திரி. பேக்கிங்கில் இருந்த ஒரு வயதான அம்மா என்னைத் திட்டவே இல்லை, டீயை மட்டும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தேவலை.

அன்றிலிருந்து பகல் வெளிச்சம், கடை வெளிச்சம் இரண்டிலும் பார்க்காமல் ஷேடுக்குக் கையெழுத்துப் போடுவதில்லை. நம்ம வெளிச்சப் பெட்டி லேப் மூலையில் நூல் கோன் வைக்கும் ஸ்டாண்டாக இருப்பதைப் பார்த்தேன். கோனை நானே நகர்த்திவிடுகிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அப்புறம் கட்டிங் மாஸ்டர் அண்ணனுக்கு ஒரு வார்த்தை. செவ்வாய்க்கிழமை சிங்கிள் ஜெர்சி ரோலில் வட்டமாக வெட்டி எடை போட்டேன், 1.72 கிராம், அதாவது 172 ஜிஎஸ்எம். ஆர்டரில் 180. அண்ணன் முகம் போன போக்கைப் பார்த்தேன். ஐந்து சதவீதம் கூடக் குறைய இருக்கலாம் என்றுதான் இந்த ஆர்டரில் போட்டிருக்கிறது, 171 வரை ஓடும், பாஸ் பண்ணிவிட்டேன். குறை கண்டுபிடித்தால்தான் எனக்குச் சம்பளம் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள் போல, அப்படியெல்லாம் இல்லை. ஆனால் லைக்ரா துணியை மட்டும் ரோலைப் பிரித்து ஒரு நாள் போட்டு வைக்காமல் வெட்ட வேண்டாம், நேற்று வண்டியிலிருந்து இறங்கி நேராக டேபிளுக்கே போனது. இழுபட்டே வந்த துணி, வெட்டின பிறகு சுருங்கும், அப்புறம் மீடியம் ஸ்மாலாகிவிட்டது என்று தைத்தவர்கள் தலையில் விழும்.

ஃபைனலைப் பற்றியும் ஒன்று. ஏக்யூஎல் 2.5 என்றால், 3,000 பீஸ் லாட்டில் 125 எடுப்பேன், மேஜர் குறை ஏழு வரை வந்தால் லாட் போகும், எட்டு வந்தால் நிற்கும். நிறுத்துவது நான் இல்லை, அந்த எட்டாவது பீஸ். ஆகவே தயவுசெய்து பெட்டி ஒட்டி, டேப் போட்டு, லாரி வாசலில் நின்ற பிறகு கூப்பிடாதீர்கள். லைனில் முதல் முப்பது பீஸ் இறங்கும்போதே கூப்பிடுங்கள், ஓடி வந்துவிடுவேன். மெர்ச்சண்டைசர்கள் பையர் அனுப்பும் கமென்டை மெயிலில் எனக்கும் போட்டால் நல்லது, சாம்பிளில் திருத்தியதை புரொடக்‌ஷனில் மறப்பதுதான் பாதி சண்டைக்குக் காரணம்.

உட்காரும் இடம் லேபுக்கு எதிரே ஜன்னலோர மேசை, இன்டர்காம் 214. ஒன்றரை ஷிப்ட் நாளில் எட்டு மணி வரை இருப்பேன். மேடம் வேண்டாம். வயதில் பெரியவர்கள் பேர் சொல்லுங்கள், சின்னவர்கள் அக்கா என்றால் போதும்.

சொந்தமாக ஒரு உதவியும் கேட்க வேண்டியிருக்கிறது. இப்போதைக்குப் பவானியிலிருந்து பெருந்துறை, ஊத்துக்குளி வழியாகப் பஸ்ஸில் வந்து போகிறேன், நாலு நாளிலேயே முதுகு வலி வந்துவிட்டது. நானும் அம்மாவும் மட்டும். இரண்டு ரூம் வீடு, கம்பெனியிலிருந்து நடக்கிற தூரத்தில் வாடகைக்கு இருந்தால் சொல்லுங்கள். மேல்மாடி என்றால் அம்மாவுக்குப் படி ஏற முடியாது. உப்புத் தண்ணி எப்படியும் வரும் என்கிறார்கள், நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒரு முறை விடுகிறார்கள் என்பதை மட்டும் உண்மையாகச் சொல்லிவிடுங்கள்.

இந்த நாலு நாளில் வழி காட்டினவர்கள், சாப்பாட்டில் பங்கு கொடுத்தவர்கள், ஒவ்வொரு நாளும் பேர் கேட்டு எழுதிக்கொண்ட வாட்ச்மேன் அண்ணன், எல்லோருக்கும் நன்றி.

அன்புடன்,
தமிழ்ச்செல்வி
குவாலிட்டி பிரிவு

பி.கு.: செவ்வாய்க்கிழமை கேன்டீனில் கை கழுவுமிடத்தில் டிபன் பாக்ஸ் மூடி மாறிவிட்டது. என்னிடம் இருப்பதில் ‘பெ.ரா.’ என்று வெட்டியிருக்கிறது. என்னுடையதில் அம்மா பேர் ‘சரஸ்வதி’ என்று முழுசாக இருக்கும், ஓரத்தில் ஒரு நசுங்கல். அது சீர்ப் பாத்திரம், வீட்டில் தினமும் கேட்கிறார்கள்.