ஐஸ் பார் கணக்கும் மேனேஜரும்: ஒரு நேர்காணல் பதில்

கேள்வி: தொழில்நுட்பம் தெரியாத ஒரு மேனேஜரிடம் உங்கள் மாடலின் முடிவையும், அது எங்கே தவறும் என்பதையும் விளக்கிய அனுபவம் ஒன்றைச் சொல்லுங்கள்.

பதில்:

சொல்கிறேன் மேடம். முதல் தடவை நான் தப்பாக விளக்கியதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஐஸ் ஃபேக்டரிக்காக வேலை செய்தேன். கடலுக்குப் போகும் விசைப்படகுகள் கிளம்புவதற்கு முன்னால் ஐஸ் பார் ஏற்றிக்கொண்டு போகும். கரையில் மீன் வியாபாரிகளும் வாங்குவார்கள். ஃபேக்டரியின் சிக்கல் என்னவென்றால், இன்று கேனில் தண்ணீர் ஊற்றி உப்புத்தண்ணீர்த் தொட்டியில் இறக்கினால் நாளைக்குத்தான் பார் கழன்று வரும். அதனால் நாளைக்கு எத்தனை பார் விற்கும் என்பது இன்றைக்கே தெரிந்தாக வேண்டும். அதைக் கணிக்கத்தான் மாடல். 2022 ஆகஸ்டிலிருந்து 2023 அக்டோபர் வரை 15 மாத விற்பனைக் கணக்கு கையில் இருந்தது. அதோடு காற்றின் வேகம், கிழமை, பண்டிகை நாள், இதற்கு முந்தைய நாட்களின் விற்பனை எல்லாம் சேர்த்தேன்.

மேனேஜருக்கு அறுபதை நெருங்கும் வயது. முப்பது வருஷமாக அதே கணக்குமேசை. முதல் கூட்டத்தில் நான் அவரிடம், "சராசரி சதவீதப் பிழை 8தான் சார், கிட்டத்தட்ட 92 சதவீதம் துல்லியம்" என்றேன். இந்த வாக்கியத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அவர் காதில் விழுந்தது வேறு: நூறு நாளில் 92 நாள் அச்சு அசலாகச் சரி, எட்டு நாள் மட்டும் தப்பு. முதலாளியிடமும் அப்படியே சொல்லிவிட்டார். வழக்கமாகக் கூடுதலாகப் போட்டு வைக்கும் 40 பாரை நிறுத்திவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து மாடல் 365 என்றது, 365 போட்டார்கள், அன்றைக்கு 398 பாருக்கு ஆள் வந்தது. 33 குறை. எட்டு சதவீதம்தான், என் கணக்கில் அது நல்ல நாள்! அவருக்கோ மூன்று படகுக்காரர்கள் வேறு ஃபேக்டரிக்குப் போன நாள்.

போனில் கத்தவில்லை. "இன்னாமா, 92ன்னு சொன்னியே" என்று மட்டும் கேட்டார். கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து சதவீதத்தை விட்டுவிட்டேன். அவர் நாள் முழுக்கப் பேசுவது பார் கணக்கில், நானும் அதிலேயே பேச ஆரம்பித்தேன். "ஒரு நாளைக்குச் சராசரியாக 27 பார் முன்னே பின்னே போகும் சார். போன வாரம் இதே கிழமை விற்றதை அப்படியே நாளைக்கும் வைத்தால் 41 பார் முன்னே பின்னே போகும். நாம் சம்பாதித்தது இந்த 14 பார்." இது அவருக்குப் பிடித்தது. வெறும் 27 என்றால் நல்லதா கெட்டதா என்று யாருக்குத் தெரியும்? பக்கத்தில் ஒரு 41 நின்றால்தான் தெரியும்.

அடுத்த கேள்வியை அவரே கேட்டார்: "நான் மனக்கணக்குல போட்டா எவ்ளோ தப்பு?" நியாயமான கேள்வி. மூன்று வாரம் தினமும் மாலையில், என் எண்ணைப் பார்க்கும் முன்னால், அவர் எண்ணைத் தாளில் எழுதி மடித்து வைக்கச் சொன்னேன். 21 நாள் முடிவில் அவருடைய சராசரிப் பிழை 29 பார், மாடலுடையது 26. மாடல் ஜெயித்தது என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் 21 நாளில் இந்த மூன்று பார் வித்தியாசம் ஒன்றுமே இல்லை, அடுத்த மூன்று வாரம் தலைகீழாகவும் வரலாம் என்று சொன்னேன். அதற்கப்புறம்தான் நான் சொல்வதை அவர் காது கொடுத்துக் கேட்டார் என்று நினைக்கிறேன்.

இப்போது நீங்கள் கேட்ட இரண்டாவது பாகம், மாடல் எங்கே தவறும் என்பது. நான் சொல்லிக்கொடுத்ததைவிட அவரிடம் கற்றுக்கொண்டது இதில்தான் அதிகம்.

ஒரு நாள் கணிப்பையும் விற்பனையையும் ஒரே படத்தில் புள்ளிகளாக வரைந்து அவரிடம் காட்டினேன். படத்தின் உச்சியில், 420 என்ற கோட்டில், நிறையப் புள்ளிகள் கூரையில் தலை முட்டியதுபோல ஒரே வரிசையில் நின்றன. எனக்கு அது விசித்திரமாகத் தெரிந்தது, காரணம் தெரியவில்லை. அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து அந்த வரிசையில் ஒவ்வொன்றாகத் தட்டினார். "இதெல்லாம் தீந்துபோன நாள்மா. நம்ம ஃபேக்டரில ஒரு நாளைக்கு 420தான் வரும். காலைல எட்டு மணிக்கே காலி. அதுக்கப்புறம் வந்தவனையெல்லாம் திருப்பி அனுப்புனேன்."

அதாவது, தேவை எவ்வளவு என்பது அந்தக் கணக்கில் இல்லவே இல்லை, விற்றது மட்டும்தான் இருந்தது. அந்த நாட்களில் 480 பாருக்கு ஆள் வந்திருந்தாலும் மாடல் கற்றுக்கொண்டது 420 என்றுதான். கூட்டமான நாட்களில் அது தொடர்ந்து குறைவாகச் சொல்லும், எத்தனை மாதத் தரவு சேர்த்தாலும் அது சரியாகாது. நல்லவேளையாக அவரிடம் நீளமான நோட்டு ஒன்று இருந்தது. திருப்பி அனுப்பிய படகுக்காரர் பேரையும் கேட்ட அளவையும் சில நாட்களுக்கு அதில் குறித்திருந்தார். நோட்டில் இருந்த நாட்களுக்கு உண்மையான அளவைப் போட்டேன். மற்ற நாட்களை 'குறைந்தது 420' என்று மாடலுக்கே தெரியும்படி மாற்றி அமைத்தேன். இதெல்லாம் அவருக்கு விளக்கவில்லை. "தீர்ந்துபோன நாளில் திருப்பி அனுப்பும் ஆளையும் இனி விடாமல் எழுதுங்கள் சார், அந்த நோட்டு இல்லாவிட்டால் இந்த மாடல் பாதிக் குருடு" என்றேன். அவ்வளவுதான் அவருக்குத் தேவை.

அப்புறம் புயல். அந்த 15 மாதத்தில் பெரிய புயல் ஒன்றுதான் இருந்தது, 2022 டிசம்பரில் வந்த மாண்டஸ். மீன்பிடித் தடைக்காலமும் ஒன்றுதான், 2023 ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். "ஒரே ஒரு தடவை பார்த்ததை வைத்து அடுத்த தடவை எப்படி இருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன், மாடலும் சொல்லக் கூடாது" என்றேன். விசைப்படகு கரையில் நிற்கும், ஃபைபர் படகு போகும், வியாபாரிக்கு வெளியூர் மீன் வரும்: தடைக்காலத்தில் ஐஸ் எங்கே போகிறது என்பதே மாறிவிடுகிறது. அதனால் தினசரித் தாளிலேயே ஒரு வரி சேர்த்தோம். வாட்ஸ்அப்பில் தினம் மாலை நாலு மணிக்கு அவருக்குப் போன தாள் இப்படி இருக்கும்:

நாளை சனி: 340 பார்
பத்தில் எட்டு நாள்: 300 முதல் 380 வரை
புயல் எச்சரிக்கை, கடலுக்குப் போகத் தடை இருந்தால் இந்த எண்ணை விடவும்

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்தபோது அவர் அந்த மூன்றாவது வரியைத்தான் பின்பற்றினார். மீனவர்கள் கடலுக்குப் போகக் கூடாது என்று எச்சரிக்கை வந்ததும் உற்பத்தியைக் குறைத்துவிட்டார். மாடல் அந்த நாட்களுக்கும் முன்னூற்றுச் சொச்சம் என்று சொல்லிக்கொண்டேதான் இருந்தது.

கேள்வி: 'பத்தில் எட்டு நாள்' என்பதை அவர் ஏற்றுக்கொண்டாரா? பெரும்பாலான மேனேஜர்கள் ஒரே எண்ணைத்தானே கேட்பார்கள்?

பதில்:

கேட்டார். "ரெண்டு நம்பர் எதுக்கு, ஒண்ணு சொல்லு" என்றார். நான் திருப்பிக் கேட்டேன், ஒரு பார் மிஞ்சினால் என்ன நஷ்டம், ஒரு பார் குறைந்தால் என்ன நஷ்டம் என்று. "மிஞ்சினா கரண்ட் காசு, கொஞ்சம் கரையும், மறுநாள் தள்ளிடலாம். கொறஞ்சா போட்டே கைவிட்டுப் போயிடும்" என்றார். எத்தனை மடங்கு என்று கேட்டதற்கு யோசித்து நாலு மடங்கு என்றார். சரி, மிஞ்சும் நஷ்டம் ஒரு பங்கு, குறையும் நஷ்டம் நாலு பங்கு, ஆக மொத்தம் ஐந்து பங்கு. அப்படியானால் ஐந்தில் நாலு நாள் தட்டுப்பாடு வராத எண்ணைப் போடுவதுதான் கணக்கு. 340க்குப் பதில் 370 போடச் சொன்னேன். அவர் கேட்ட ஒரே எண்ணும் கிடைத்தது, அந்த எண் எங்கிருந்து வந்தது என்பதும் அவருக்குத் தெரியும், ஏனென்றால் அந்த நாலு மடங்கு அவர் சொன்னது.

அந்த 300, 380 வரம்பையும் சோதித்துத்தான் கொடுத்தேன். கடைசி மூன்று மாதம், ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை 92 நாளை மாடல் கண்ணில் காட்டாமல் வைத்திருந்தேன். அதில் 71 நாள் விற்பனை வரம்புக்குள் விழுந்தது. எட்டு என்று சொன்னதற்குக் கொஞ்சம் குறைவு. அதையும் அவரிடம் மறைக்கவில்லை.

ஒரு விஷயத்துக்கு மட்டும் முடியாது என்று சொல்ல வேண்டியிருந்தது. "பாருக்கு அஞ்சு ரூபா குறைச்சா எவ்ளோ கூட விக்கும், மிஷின்ல போட்டுப் பாரு" என்று முதலாளியே கேட்டார். விலையை மாற்றிப் போட்டால் மாடல் ஏதோ ஒரு எண்ணைத் துப்பும், அதுதான் பயம். அந்த 15 மாதத்தில் விலை ஒரே ஒரு தடவைதான் மாறியது, அதுவும் தடைக்காலம் முடிந்து படகுகள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பிய வாரத்தில். விற்பனை ஏறியது விலையாலா, படகாலா என்று பிரிக்க வழியே இல்லை. தெரிய வேண்டுமானால் சில வாரம் சில நாட்களில் மட்டும் குறைத்துப் பார்த்து எழுதி வைக்க வேண்டும் என்றேன். படகுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று மேனேஜர் சொன்னார். அத்தோடு விட்டுவிட்டோம்.

கேள்வி: இப்போதும் அந்த மாடலைப் பயன்படுத்துகிறார்களா?

பதில்:

நான் அங்கிருந்து வரும்வரை பயன்படுத்தினார்கள். தாளில் என் எண்ணுக்குப் பக்கத்தில் 'மேனேஜர்' என்று ஒரு காலிக் கட்டம் வைத்திருந்தேன். வாரத்துக்கு ஒரு நாளாவது என் எண்ணை அடித்துவிட்டு அவர் எண்ணை எழுதுவார், பெரும்பாலும் சனிக்கிழமை. காரணம் கேட்டால் "வானத்தப் பாத்தேன்" என்பார். அடித்த நாளையும் அடிக்காத நாளையும் தனித்தனியாகச் சேர்த்துக்கொண்டே வந்தேன். நான் கிளம்பும்போது அடித்த நாள் 19 சேர்ந்திருந்தது. அதில் 11 நாள் அவர் எண் கிட்டே வந்திருந்தது, 8 நாள் என் எண். அந்தத் தாளை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.