பொருள்: ஜூனியர் பேக்எண்ட் டெவலப்பர் பணிக்கான விண்ணப்பம்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். ‘எழுதிய கோடு சர்வரில் ஓடும்வரை எழுதியவரே பொறுப்பு’ என்று உங்கள் வேலை அறிவிப்பில் இருந்தது. 14 மாதங்களாக அந்தப் பொறுப்போடுதான் ஒரு செயலியை நடத்தி வருகிறேன்.

நான் பி.காம். படித்தவன். திருப்பூரில் ஒரு பவர்டேபிள் யூனிட்டில் ஐந்து வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். பைத்தானும் ஜாங்கோவும் வேலை முடிந்த இரவுகளில் நானே கற்றவை.

ஓவர்லாக், பேட்லாக் டெய்லர்களுக்குப் பீஸ் ரேட்தான். தைத்த கட்டுகளை நோட்டில் குறித்து, சனிக்கிழமை கூட்டிச் சம்பளம் போடுவோம். ஒரு வாரம் ஓர் அக்காவின் 40 டஜன் விட்டுப்போனது. அதைக் குறிக்கத் தவறியவன் நான். அதன் பிறகு எழுதியதுதான் ‘பீஸ்கணக்கு’. கட்டுச் சீட்டில் இருக்கும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால், டெய்லர் தன் கணக்கை அப்போதே போனில் பார்க்கலாம். இன்று 6 யூனிட்களில் 140 பேர் பயன்படுத்துகிறார்கள்.

ஆரம்பத்தில் கோடைக் கையால்தான் சர்வரில் ஏற்றினேன். ஒரு வெள்ளி இரவு மைக்ரேஷனை ஓட்ட மறந்துவிட்டேன். மறுநாள் சம்பளத் திரை திறக்கவில்லை; 23 பேர் இரண்டு மணி நேரம் காத்திருந்தார்கள். இப்போது நான் சர்வரைக் கையால் தொடுவதில்லை. மெயின் கிளைக்கு வரும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் 212 சோதனைகள் ஓடுகின்றன. ரேட்டில் பைசா வருவதாலும், எஸ்கியூலைட்டில் தசமத்துக்குத் தனி வகை இல்லாததாலும், சோதனைகளையும் போஸ்ட்கிரெஸ்ஸிலேயே ஓட்டுகிறேன். தேறினால் டாக்கர் இமேஜ் உருவாகி, `pg_dump` எடுத்து, மைக்ரேஷன் முடிந்து, புதிய பதிப்பு ஏறும். ஹெல்த் செக் தவறினால் பழைய இமேஜ் தானாகத் திரும்பும். ஆனால் டேட்டாபேஸ் அப்படித் திரும்பாது. அதனால் டேபிளில் ஒரு நெடுவரிசையை நீக்குவதென்றால், முதல் வெளியீட்டில் கோடு அதைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டு, அடுத்த வெளியீட்டில்தான் நீக்குவேன்.

சம்பள நாளில் எதுவும் ஏறக்கூடாது என்பதற்கு டிப்ளாய் படியின் முதல் வரி இது:

```bash
[ "$(TZ=Asia/Kolkata date +%u)" != 6 ]
```

சனிக்கிழமை என்றால் பைப்லைன் அங்கேயே நின்றுவிடும்.

குழுவாக வேலை செய்த அனுபவம் எனக்கு இல்லை. என் கோடை இதுவரை வேறு யாரும் ரிவ்யூ செய்ததும் இல்லை. உங்களிடம் வர விரும்புவதற்கு முதல் காரணமே அதுதான். தனியாக எடுத்த முடிவுகளில் எவை தவறு என்று அனுபவசாலிகள் சொல்லிக் கேட்க வேண்டும்.

ரெப்போவின் இணைப்பும் தொடர்பு எண்ணும் விண்ணப்பப் படிவத்தில் உள்ளன. சோதனை தவறி நின்ற ஓட்டங்களையும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்; அவற்றையும் பாருங்கள். நேர்காணலுக்கு அழைத்தால் கோயம்புத்தூருக்கு எந்த நாளும் வர முடியும். தேர்வானால் 15 நாளில் சேரலாம்.

இப்படிக்கு,
மு. கார்த்திகேயன்
திருப்பூர்