காந்தத்தின் இழுவிசை: தொலைவு, அடுக்கு, இடைப்பொருள் குறித்த சோதனை அறிக்கை

காவேரிப்பட்டினம் அருகேயுள்ள எங்கள் பள்ளியின் எட்டாம் வகுப்பு மாணவர் ஐவர் சேர்ந்து, 25 மி.மீ. விட்டமும் 5 மி.மீ. தடிமனும் கொண்ட நான்கு ஃபெரைட் வட்டுக் காந்தங்களையும் ஒரே பெட்டியிலிருந்து எடுத்த ஜெம் கிளிப்புகளையும் கொண்டு இச்சோதனையைச் செய்தோம். தட்டில் குவித்த கிளிப்புகளின்மேல் காந்தத்தை வைத்து மெல்லத் தூக்கி, தொங்கியவற்றை எண்ணினோம். ஒவ்வோர் அளவையும் ஐந்து முறை எடுத்துச் சராசரியை முழு எண்ணாக்கியுள்ளோம்.

காந்தத்தின் முகத்தில் 1 மி.மீ. அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டித் தொலைவைக் கூட்டினோம். அட்டையில்லாமல் 21 கிளிப்புகள் வந்தன; 1 மி.மீ. தொலைவில் 14, 2 மி.மீ. தொலைவில் 9, 4 மி.மீ. தொலைவில் 4, 8 மி.மீ. தொலைவில் ஒன்று மட்டுமே. ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் ஒரே அளவாகக் குறையும் என்று முதலில் நினைத்திருந்தோம். ஆனால் முதல் மில்லிமீட்டரிலேயே 7 கிளிப்புகள் குறைந்தன. கடைசி நான்கு மில்லிமீட்டரில் குறைந்தவையோ மூன்றே. பிளாஸ்டிக் உறையிட்ட கிளிப்புகளைத் தவிர்த்ததும் இதனால்தான். அந்த மெல்லிய உறையும் ஒரு தொலைவே.

காந்தங்களை அடுக்கியபோது இரண்டுக்கு 29, மூன்றுக்கு 33, நான்குக்கு 34 கிளிப்புகள் வந்தன. மேலே சேரும் ஒவ்வொரு காந்தமும் கிளிப்புகளிலிருந்து 5 மி.மீ. கூடுதலாக விலகியே இருப்பதால் அதன் பங்கு சிறுத்துக்கொண்டே போகிறது.

இதற்கிடையே ஒரு பிழை நேர்ந்தது. இரண்டாம் நாள் காலையில் அதே ஒற்றைக் காந்தம் 25 கிளிப்புகளைத் தூக்கியது. காந்தம் வலுப்பெற்றுவிட்டதாக எண்ணி மகிழ்ந்தோம். பிறகு தட்டைப் பார்த்தால், காந்தம் அருகில் இல்லாமலேயே இரண்டு கிளிப்புகள் நுனியோடு நுனி ஒட்டிக்கொண்டிருந்தன. திரும்பத் திரும்பத் தொட்டதில் கிளிப்புகளே காந்தமாகியிருந்தன. அன்று எடுத்த அளவுகளை நீக்கிவிட்டு, ஒவ்வொரு முறையும் புதிய கிளிப்புகளைக் கொண்டு மீண்டும் எண்ணினோம். மேலே தந்திருப்பவை அந்த எண்களே.

இடைப்பொருளைச் சோதிக்கையில் தடிமன் மாறினால் ஒப்பீடே பொருளற்றதாகிவிடும் என்பதால், எல்லாவற்றையும் 2 மி.மீ. தடிமனிலேயே தேர்ந்தெடுத்து, ஒற்றைக் காந்தத்தையே பயன்படுத்தினோம். கண்ணாடிக்கு 9, அலுமினியத்துக்கு 9, மரப்பலகைக்கு 8 என்று வந்தன. இவை வெறும் அட்டையின் அளவோடு ஒத்துள்ளன. இரும்புத் தகட்டை வைத்தபோது மட்டும் ஒரு கிளிப்கூட வரவில்லை. காந்த விசைக்கோடுகள் காற்றைவிட இரும்பின் வழியே எளிதாகச் செல்வதால், பெரும்பகுதி தகட்டுக்குள்ளேயே வளைந்து மறு முனைக்குத் திரும்பிவிடுகின்றன.

கிருஷ்ணகிரிப் பக்கம் எளிதில் கிடைக்கும் கிரானைட் துண்டு ஒன்றையும் சேர்த்துக்கொண்டோம். அது 18 மி.மீ. தடிமன். நான்கு காந்தங்களைக் கீழே பிடித்து நகர்த்தியும் மேலிருந்த கிளிப் நகரவில்லை. நுனி மட்டும் காந்தம் சென்ற பக்கம் சற்றுத் திரும்பியது. கல் தடுக்கிறது என்று இருவர் வாதிட்டதால், 18 மி.மீ. உயரத்துக்கு அட்டைகளை அடுக்கி அதன்மேல் அதே கிளிப்பை வைத்துப் பார்த்தோம். அங்கும் அதே அளவுதான் திரும்பியது.