கலவைக் கணக்கு: நீ செய்த விடையைச் சரிபார்த்தேன்

தம்பி,

நீ அனுப்பிய மூன்று கேள்விகளையும் வரிவரியாகப் பார்த்தேன். படிகளை எல்லாம் எழுதியிருக்கிறாய், அதற்கு நன்றி. விடையை மட்டும் எழுதியிருந்தால், எங்கே தவறினாய் என்று என்னால் கண்டுபிடித்திருக்க முடியாது. மூன்றாவது முழுக்கச் சரி. முதல் இரண்டையும் மறுபடி செய்ய வேண்டும்.

முதல் கேள்வி: 15% சர்க்கரைக் கரைசலையும் 40% சர்க்கரைக் கரைசலையும் கலந்து, 25% செறிவுள்ள கரைசல் 500 கிராம் தயாரிக்க வேண்டும். சதவீதங்கள் எல்லாம் நிறைப்படி. ஒவ்வொன்றிலும் எவ்வளவு எடுக்க வேண்டும்?

நீ எழுதியது:

x + y = 500
0.15x + 0.40y = 0.25 × 500 = 12.5
0.15(500 − y) + 0.40y = 12.5
75 + 0.25y = 12.5
0.25y = −62.5
y = −250
y = 250, x = 250
சரிபார்த்தல்: 250 + 250 = 500 ✓

சமன்பாடுகளை அமைத்த விதம் அருமை. முதல் வரி மொத்த நிறைக்கு, இரண்டாவது வரி சர்க்கரைக்கு. கலவைக் கணக்கின் உயிர் இந்த இரண்டு வரிகள்தான். தவறு இரண்டாவது வரியின் கடைசியில் இருக்கிறது. 0.25 × 500 என்பது 125. தசமப்புள்ளி ஓர் இடம் தள்ளிப் போய்விட்டது.

இது கைத்தவறு, யாருக்கும் நேரும். எனக்குக் கவலை தந்தது அடுத்து நடந்தது. y = −250 என்று வந்ததும், அடுத்த வரியில் கழித்தல் குறியை விட்டுவிட்டாய். அந்தக் குறி உன்னிடம் ஒன்றைச் சொல்ல வந்தது. 500 கிராமில் 12.5 கிராம் சர்க்கரை என்றால் செறிவு 2.5% மட்டுமே. 15%, 40% இரண்டையும் எந்த அளவில் கலந்தாலும் 15-க்குக் கீழே இறங்க முடியாது. அதனால்தான் கணக்கு, 40% கரைசலில் 250 கிராமை "எடுத்துவிடு" என்று சொன்னது. எதிர்மறை அளவு வந்தால் அங்கேயே நின்று, மேலே இருக்கும் வரிகளைத் திரும்பப் படி. குறியை அழித்துவிட்டு முன்னே போகாதே.

இனி உன் சரிபார்த்தலுக்கு வருகிறேன். 250 + 250 = 500 என்பது உண்மைதான். ஆனால் 100 + 400 கூட 500 தான், 1 + 499 கூட 500 தான். மொத்த அளவு பொருந்துவது பாதிச் சோதனை. சர்க்கரையையும் எண்ணிப் பார்:

250 கிராம் 15% கரைசலில் 37.5 கிராம்
250 கிராம் 40% கரைசலில் 100 கிராம்
மொத்தம் 137.5 கிராம், 137.5 ÷ 500 = 27.5%

கேட்டது 25%, கிடைத்தது 27.5%. உண்மையில் இதற்குப் பேனாவே தேவையில்லை. இரண்டையும் சமமாகக் கலந்தால் செறிவு நட்டநடுவில்தான் நிற்கும், அதாவது 27.5-இல். நமக்கு வேண்டிய 25 அதற்குக் கீழே இருக்கிறது. ஆகவே 15% கரைசல்தான் அதிகமாக இருக்க வேண்டும். கணக்கைத் தொடங்கும் முன்பே இதை ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்டால், 250, 250 என்ற விடை வந்த நொடியில் உறுத்தியிருக்கும்.

இன்னொன்றையும் கவனி. x = 750, y = −250 என்பதை நீ எழுதிய சமன்பாட்டிலேயே போட்டுப் பார்த்தால் 112.5 − 100 = 12.5 என்று அழகாகப் பொருந்தும்! தவறான சமன்பாடு தன் தவறான விடைக்குத் தானே சாட்சி சொல்லும். அதனால் சரிபார்க்கும்போது உன் சமன்பாட்டுக்குப் போகாதே, கேள்விக்குப் போ. கேள்வியில் இருக்கும் 15, 40, 25, 500 என்ற எண்களை மட்டும் வைத்துக்கொண்டு, விடையில் உள்ள கரைசல்களை மனத்துக்குள் ஊற்றிக் கலந்து பார்.

சரியான வழி:

75 + 0.25y = 125
0.25y = 50
y = 200, x = 300

சர்க்கரை: 45 + 80 = 125, இது 500-இல் 25%. நீர்: 255 + 120 = 375, இது 75%. மொத்தமும் சர்க்கரையும் பொருந்திவிட்டால் நீர் தானாகப் பொருந்த வேண்டும். ஆனாலும் பெருக்கலில் சறுக்கியிருந்தால் இந்த வரி காட்டிக்கொடுக்கும், அதனால் நான் எப்போதும் எழுதுவேன். இடைவெளியைக் கொண்டும் பார்க்கலாம்: 25-க்கும் 15-க்கும் இடையே 10, 40-க்கும் 25-க்கும் இடையே 15. எது அருகில் இருக்கிறதோ அது அதிகம் வேண்டும். ஆகவே 15 : 10, அதாவது 3 : 2. 300, 200 என்பது அதே விகிதம்தான்.

விடையில் "மி.லி." என்று எழுதியிருக்கிறாய். இதைச் சின்ன விஷயம் என்று விட எனக்கு மனமில்லை. கேள்வி கிராமில் இருக்கிறது. சர்க்கரைக் கரைசல் நீரைவிடக் கனமானது. அறை வெப்பநிலையில் 40% கரைசல் ஒரு மி.லி. ஏறக்குறைய 1.18 கிராம் இருக்கும், 15% கரைசல் ஏறக்குறைய 1.06 கிராம். 300 மி.லி., 200 மி.லி. என்று அளந்து ஊற்றினால், தராசில் சுமார் 318 கிராமும் 235 கிராமும் நிற்கும். அதில் சர்க்கரை 142 கிராம் அளவில் இருக்கும், செறிவு 25.6% ஆகிவிடும். நிறையைக் கூட்டலாம், நிறை எங்கும் போகாது. கனஅளவு அப்படியல்ல: 50 மி.லி. நீரையும் 50 மி.லி. எத்தனாலையும் கலந்தால் 100 மி.லி. கூட வராது, சற்றுக் குறையும்.

இரண்டாவது கேள்வி: அந்த 500 கிராம் 25% கரைசலை 30% ஆக்க, 40% கரைசல் எவ்வளவு சேர்க்க வேண்டும்? நீ எழுதியது 125 + 0.40z = 0.30 × 500, ஆகவே z = 62.5. இடப்பக்கம் சரி. வலப்பக்கத்தில், சேர்த்த பிறகும் மொத்தம் 500 என்றே வைத்திருக்கிறாய். பாத்திரத்தில் z கிராம் கூடுதலாக வந்துவிட்டதே! உன் விடையைக் கலந்து பார்: சர்க்கரை 150, மொத்தம் 562.5, செறிவு 26.7% தான் வருகிறது. வலப்பக்கம் 0.30(500 + z) என்று இருக்க வேண்டும்:

125 + 0.40z = 150 + 0.30z
0.10z = 25
z = 250

225 ÷ 750 = 30%. பொருந்துகிறது.

மூன்றாவதில், 25% கரைசலில் நீர் சேர்த்து 20% ஆக்கும்போது, "சர்க்கரை 125 மாறாது, மொத்தம் மாறும்" என்று நீயே ஓரத்தில் எழுதி, 625 கண்டு, 125 கிராம் நீர் என்று முடித்திருக்கிறாய். அதில் "மொத்தம் மாறும்" என்ற பகுதி இரண்டாவது கேள்விக்கும் பக்கத்தில் இருந்திருந்தால் அதுவும் சரியாக வந்திருக்கும். முதல் இரண்டையும் மறுபடி செய்து, சர்க்கரை வரியையும் நீர் வரியையும் கீழே எழுதி அனுப்பு. பார்த்துச் சொல்கிறேன்.